முகத்தில் மூன்று அளவுகள்

கல்யாண ஆல்பத்தில் மணமகளின் முகம் முழுப்பக்கத்துக்கு வரும் படம் ஒன்று கட்டாயம் இருக்கும். 24 மெகாபிக்சல் கேமராவை நிமிர்த்திப் பிடித்து நெருக்கத்தில் எடுத்தால், அந்தப் படத்தில் முகத்தின் அகலம் மட்டுமே சுமார் 2,200 பிக்சல் இருக்கும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் அச்சிட்டால் முகம் ஏழு அங்குலத்தைத் தாண்டுகிறது. அதாவது நிஜ முகத்தைவிடப் பெரிய முகம். வாயோரக் கருமை, கன்னத்து மங்கு, ஆறிப்போன பருவின் தடம், கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாம் அந்த அளவில் தெரியும். தோலின் துளைகளும் தெரியும். முதலில் சொன்னவற்றைக் குறைக்க வேண்டும். துளைகளைத் தொடக்கூடாது.

Surface Blur-ஐயோ Gaussian Blur-ஐயோ நேராக முகத்தின் மேல் ஓட்டினால் இரண்டும் சேர்ந்தே போய்விடுகின்றன. ஃபோட்டோஷாப்பின் பிளர் ஃபில்டருக்குக் கறை எது, துளை எது என்று தெரியாது. பக்கத்துப் பக்கத்து பிக்சல்களைச் சராசரியாக்குவது மட்டுமே அதன் வேலை. சிறியவை முதலில் மறையும், பெரியவை பிறகு மறையும். கறை கரையும் அளவுக்கு பிளர் கொடுப்பதற்குள் துளை எப்போதோ காணாமல் போயிருக்கும்.

ஆனால் இதே குணத்தில்தான் வழியும் இருக்கிறது. கோரைப் பாயில் டீ கொட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கறை ஒரு சாண் அகலத்துக்குப் படர்ந்திருக்கும். பின்னலோ கோரைக்குக் கோரை மாறிக்கொண்டிருக்கும். கறை படிந்த இடத்திலும் பின்னல் அப்படியேதான் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தாலும் அளவில் வெகுதூரம் விலகியவை. அளவை வைத்தே இரண்டையும் பிரித்தெடுத்து, கறையை மட்டும் சரிசெய்து, பின்னலைத் திரும்பவும் மேலே வைத்துவிட முடியும். ஃப்ரீக்வென்ஸி செபரேஷன் செய்வது இதைத்தான். குறுகிய தூரத்துக்குள் வெளிச்சமும் இருளும் மாறி மாறி வருவது உயர் அதிர்வெண், நீண்ட தூரத்தில் மெதுவாக மாறுவது தாழ் அதிர்வெண். துளைகள் முதல் வகை, நிறத் திட்டுகள் இரண்டாவது வகை.

இந்த முறையைக் கற்றுக்கொண்ட பலரும் படத்தை இரண்டாகப் பிரிப்பதோடு விஷயம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். முகத்தில் இருப்பது இரண்டு அளவு அல்ல, மூன்று. துளைகள் ஒன்று, நிறத் திட்டுகள் இரண்டு, கன்னம், மூக்கு, தாடை இவற்றின் வடிவத்தைக் காட்டும் நிழல் மூன்று. நடுவில் இருப்பதை மட்டும்தான் குறைக்க வேண்டும். அப்படியானால் வெட்டு இரண்டு இடத்தில் விழ வேண்டும். முதல் வெட்டு துளைக்கும் திட்டுக்கும் நடுவில், அடுத்தது திட்டுக்கும் வடிவத்துக்கும் நடுவில். முதல் வெட்டைத்தான் எல்லோரும் சொல்லித்தருகிறார்கள். முகம் பொம்மை போல ஆகிவிடுவதற்கு இரண்டாவதே பெரும்பாலும் காரணம்.

முதல் வெட்டை எங்கே போடுவது என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். முகத்தின் அகலம் சுமார் 14 செ.மீ. என்று எடுத்துக்கொள்வோம். அது 2,200 பிக்சலில் விழுந்திருக்கிறது என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 16 பிக்சல். கண்ணுக்குத் தெரியும் துளை ஒன்று கால் மில்லிமீட்டர் முதல் அரை மில்லிமீட்டர் வரை இருக்கும், அதாவது 4 முதல் 8 பிக்சல். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி என்று கொண்டால், தோலின் ஏற்ற இறக்கம் 16 பிக்சலுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருகிறது. மங்கின் திட்டுகள் அப்படியில்லை. ஓர் இருண்ட பகுதியும் ஒரு வெளிர்ந்த பகுதியும் சேர்ந்து ஒன்று முதல் இரண்டு செ.மீ. வரை போகும். அது 160 முதல் 320 பிக்சல்.

இப்போது Gaussian Blur-இல் Radius 8 கொடுத்தால் என்ன ஆகிறது? அந்த எண்ணை மணிவடிவ வளைவின் பரவல் அளவாகவே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 16 பிக்சலுக்கு ஒருமுறை வரும் ஏற்ற இறக்கத்தில் ஒரு சதவீதம்கூட மிஞ்சாது. 320 பிக்சல் திட்டோ கிட்டத்தட்ட 99 சதவீதம் அப்படியே நிற்கும். துளை முழுவதும் ஒரு பக்கம், திட்டு முழுவதும் மறுபக்கம். இதைவிடத் துல்லியமான பிரிவு தேவையில்லை. Radius-ஐ 3 ஆகக் குறைத்தால் துளைகளின் பாதி அழுத்தம் பிளர் ஆன லேயரிலேயே தங்கிவிடும். பின்னால் அந்த லேயரை நீங்கள் மென்மையாக்கும்போது அந்தப் பாதியும் போய்விடும். எதிர்ப்பக்கமாக 40 வரை ஏற்றினால், 320 பிக்சல் திட்டின் கால் பங்கு துளைகள் இருக்கும் லேயருக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பிறகு கீழே எவ்வளவு மென்மையாக்கினாலும் அந்தக் கால் பங்கு மட்டும் பிடிவாதமாக மேலே தெரிந்துகொண்டே இருக்கும். எண்கள் தோராயமானவைதான், தோல் சீரான அலை அல்ல. ஆனாலும் 8 முதல் 12 வரை என்ற பரிந்துரையை ஏன் இத்தனை பேர் சொல்கிறார்கள் என்பதும், அது முகம் ஃப்ரேமை நிறைக்கும் படத்துக்கு மட்டுமே ஏன் பொருந்தும் என்பதும் இதிலிருந்து விளங்கும். இடுப்பளவுப் படத்தில் முகம் 900 பிக்சல்தான் என்றால் எல்லாமே அதே விகிதத்தில் சுருங்குகிறது. அங்கே 3 முதல் 5 வரை போதும்.

கணக்குப் போட நேரமில்லாதவர்களுக்குக் கண்ணே போதும். படத்தை 100 சதவீதத்தில் வைத்து, கன்னத்தைப் பார்த்தபடி Radius-ஐ ஒன்றிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். துளைகள் மறைந்த அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஏற்ற எந்தக் காரணமும் இல்லை.

இனி செய்முறை. படத்தை முதலில் Image > Mode > 16 Bits/Channel-க்கு மாற்றிக்கொள்ளுங்கள், காரணத்தைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். தனித்தனிப் பருக்கள், பொட்டைத் தாண்டிச் சிந்திய குங்குமத் துகள், முகத்தில் ஒட்டிய முடி இவற்றை Healing Brush-ஆல் இப்போதே எடுத்துவிடுவது நல்லது. மூன்று மில்லிமீட்டர் பரு துளையைவிடப் பெரியது, திட்டைவிடச் சிறியது. பிரித்த பிறகு அதன் விளிம்பு ஒரு லேயரிலும் சிவப்பு இன்னொரு லேயரிலுமாகப் பிரிந்து நிற்கும். ஒரே பருவுக்கு இரண்டு இடத்தில் வேலை செய்ய வேண்டிவரும்.

சுத்தம் செய்த லேயரை Ctrl+J அழுத்தி இரண்டு முறை நகலெடுங்கள். கீழ் நகலுக்கு Low, மேல் நகலுக்கு High என்று பெயர் வையுங்கள். High-இன் கண் அடையாளத்தை அணைத்துவிட்டு, Low-வைத் தேர்ந்து Gaussian Blur கொடுங்கள். பிறகு High-ஐத் திரும்பக் காட்டி, அதைத் தேர்ந்து Image > Apply Image-ஐத் திறந்து இப்படி நிரப்புங்கள்:

```
16-bit:  Layer: Low   Channel: RGB   Invert: ON
         Blending: Add        Scale: 2   Offset: 0

8-bit:   Layer: Low   Channel: RGB   Invert: OFF
         Blending: Subtract   Scale: 2   Offset: 128
```

High சாம்பல் நிறமாகி, முகத்தைத் தகட்டில் செதுக்கியதுபோல் தெரியும். அதன் பிளெண்டிங் முறையை Linear Light ஆக்குங்கள். படம் தொடங்கியபோது இருந்த மாதிரியே திரும்பி வந்துவிட வேண்டும். இரண்டு லேயரையும் ஒரு குரூப்பில் போட்டு, குரூப்பை அணைத்து அணைத்துப் பாருங்கள். திரையில் எந்த அசைவும் தெரியக்கூடாது. தெரிந்தால் Apply Image-இல் ஏதோ ஓர் எண் தவறு, மேற்கொண்டு போக வேண்டாம்.

இந்த எண்களை மனப்பாடம் செய்து போடுவதைவிட அவை என்ன செய்கின்றன என்று ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. ஒரு துளைக்குள் இருக்கும் ஒரு பிக்சலின் சிவப்பு மதிப்பு 172 என்று வைப்போம். பிளர் ஆன Low-வில் அதே இடத்தில் 180 இருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் கழித்தல் 8. லேயரில் கழித்தல் எண்ணைச் சேமிக்க முடியாது என்பதால் நடுச் சாம்பலான 128-ஐ பூஜ்ஜியமாக வைத்துக்கொள்கிறோம், Offset அதற்குத்தான். வித்தியாசம் கழித்தல் 255 முதல் கூட்டல் 255 வரை போகலாம், அதை 0 முதல் 255-க்குள் அடக்கப் பாதியாக்குகிறோம், Scale 2 அதற்குத்தான். ஆக High-இல் எழுதப்படுவது 128-இலிருந்து 4 குறைந்து 124. Linear Light இந்தப் பாதியைத் திரும்ப இரட்டிப்பாக்கிக் கீழ் லேயரோடு கூட்டுகிறது:

```
High   = (172 - 180) / 2 + 128 = 124
படம்   = 180 + 2 x (124 - 128) = 172
```

இப்போது அந்த இடத்து மங்கைக் குறைக்க Low-வில் 180-ஐ 190 ஆக்கினீர்கள் என்றால் விடை 182. சுற்றியுள்ள தோல் பத்து அளவு வெளுத்தது, துளையும் அதோடு பத்து அளவு வெளுத்தது, ஆனால் சுற்றிலும் இருப்பதைவிடத் துளை எட்டு அளவு இருட்டாக இருப்பது மட்டும் மாறவில்லை. துளை மங்காமல் நிறம் மட்டும் மாறுவதன் முழு ரகசியம் இந்த எட்டுதான்.

வித்தியாசம் 8 என்பதற்குப் பதில் 7 ஆக இருந்தால் பாதி மூன்றரை. 8 பிட்டில் அரையை எழுத முடியாது, ஒரு அளவு தொலையும். கண்ணுக்கு அது பெரும்பாலும் தெரியாது, ஆனால் மென்மையாக்கிய கன்னத்தில் பிறகு Curves-ஐ இழுக்கும்போது பட்டை பட்டையாக வர வாய்ப்புண்டு. 16 பிட்டில் அந்தப் பிரச்சினை இல்லை. அங்கே நடுப்புள்ளி 128-க்குச் சரியாகப் பொருந்தாது என்பதால்தான் கழிப்பதற்குப் பதில், தலைகீழாக்கிக் கூட்டுகிறோம்.

கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. Low-வை எந்த ஃபில்டரால் மென்மையாக்கினாலும், விடுபட்டது எல்லாம் High-இல் போய்ச் சேர்ந்துவிடும். Gaussian Blur-க்குப் பதில் Median போட்டாலும் கூட்டினால் பழைய படம் வந்துவிடும். ஆகவே பிரித்த மாத்திரத்தில் படம் கெட்டுப்போவதில்லை. கெடுவதும் தேறுவதும் அடுத்த கட்டத்தில்தான்.

Low-வை ஒரு நகல் எடுத்து அந்த நகலில் வேலை செய்யுங்கள். Lasso கருவியில் Feather 25 பிக்சல் வைத்து, கன்னத்தில் திட்டுத் திட்டாக இருக்கும் பகுதியைச் சுற்றி வளைத்து, Gaussian Blur 40 கொடுங்கள். இதுதான் இரண்டாவது வெட்டு. நம்முடைய படத்தில் ஒரு செ.மீ.க்கு ஒருமுறை மாறும் திட்டு இந்த 40-இல் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கரைந்துவிடுகிறது. கன்னத்தின் மேட்டிலிருந்து தாடைப் பள்ளத்துக்கு இறங்கும் நிழல் ஆறேழு செ.மீ. நீளமுள்ளது, ஆயிரம் பிக்சலுக்கு மேல். அதில் 97 சதவீதம் தப்பித்துவிடுகிறது. தோல் ஒரே சீராகிவிட்டது, கன்னம் இன்னும் உருண்டையாக இருக்கிறது.

ஆசைப்பட்டு 150 கொடுத்துப் பாருங்கள். திட்டு சுத்தமாகப் போய்விடும், கூடவே கன்னத்தின் நிழலில் மூன்றில் ஒரு பங்கும் போய்விடும். துளைகள் எல்லாம் அப்படியே இருக்கும். இருந்தும் முகம் தட்டையாக, யாருடையதோ போல இருக்கும். “துளை எல்லாம் தெரியுதே, அப்புறம் ஏன் பொம்மை மாதிரி இருக்கு?” என்று ஸ்டுடியோக்களில் கேட்கும் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. துளை முதல் அளவு, அது தப்பிவிட்டது. போனது மூன்றாவது அளவு.

ஒருமுறை போதவில்லை என்றால் அதே இடத்தில் Alt+Ctrl+F அழுத்தி மீண்டும் கொடுக்கலாம். 40-ஐ இரண்டு முறை கொடுத்தால் 80 ஆகிவிடாது. பரவல்கள் வர்க்கமாகக் கூடுவதால் சுமார் 57-க்குச் சமம். சிறு சிறு அடியாகப் போவதில் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது.

எல்லாக் குறையையும் அளவை வைத்துப் பிரித்துவிட முடியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நம் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் வாயைச் சுற்றி வரும் கருமை இரண்டு மூன்று செ.மீ. அகலம் இருக்கும். சிரிக்கும்போது மூக்கிலிருந்து உதட்டோரம் இறங்கும் மடிப்பின் நிழலும் அதே அகலம்தான். இரண்டும் ஒரே அளவு என்பதால் எந்த Radius-உம் ஒன்றை விட்டு இன்னொன்றை எடுக்காது. அங்கே பிளரை விட்டுவிட்டு பிரஷ்ஷை எடுக்க வேண்டும். Low நகலின் மேல் மென்மையான பிரஷ், Opacity 5 முதல் 10 சதவீதம். Alt அழுத்தி அதே முகத்தின் பக்கத்துத் தோலிலிருந்து நிறம் எடுத்து, கருமையின் மேல் மெல்ல மெல்லத் தடவுங்கள். Eyedropper-இன் Sample அமைப்பு Current Layer-இல் இருக்கட்டும், இல்லாவிட்டால் High-இன் துளை ஒன்றின் நிறம் பிரஷ்ஷில் ஏறிவிடும். மடிப்பின் ஆழமான கோட்டைத் தொடாதீர்கள், அது சிரிப்பு.

நிறம் எடுக்கும் இடம் முக்கியம். நெற்றியில் ஃபிளாஷ் பட்டு வெளுத்த பகுதியிலிருந்து எடுத்தால் முகம் முழுவதும் படிப்படியாக வெளுத்துக்கொண்டே போகும். காதோரம் அல்லது தாடைக்குக் கீழே, வெளிச்சம் நிதானமாக விழுந்த தோலிலிருந்து எடுங்கள். திட்டை அகற்றுவது வேறு, நிறத்தையே மாற்றுவது வேறு. இரண்டாவது, அந்தப் பெண் கேட்காத வேலை. கழுத்தையும் முகத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எல்லை தாண்டிவிட்டோமா என்பது உடனே தெரிந்துவிடும்.

விளிம்புகளில்தான் அதிகம் சறுக்குகிறது. நெற்றியும் முடியும் சேரும் இடம், தாடையும் இருண்ட பின்னணியும் சேரும் இடம், உதட்டின் கரை, மூக்குத்தியைச் சுற்றி. பிளர் செய்யும்போது முடியின் கருமை Low-வில் நெற்றிக்குள் கசிந்திருக்கும். அதை ஈடுகட்டும் வெளிச்சம் High-இல் அதே இடத்தில் காத்திருக்கும். இரண்டும் சேரும்போது சரியாகிவிடுகிறது. நீங்கள் Low-வில் அந்தக் கசிவை மட்டும் அழித்துவிட்டால், ஈடுகட்ட ஒன்றும் இல்லாத வெளிச்சம் நெற்றி ஓரத்தில் வெள்ளைக் கோடாக நிற்கும். அதேபோல உதட்டுக்கு மிக அருகில் வளைத்து பிளர் கொடுத்தால், தேர்வுக்கு வெளியே இருக்கும் லிப்ஸ்டிக் சிவப்பும் உள்ளே இழுக்கப்பட்டு மேலுதட்டின் மேல் படரும். கொடுக்கும் Radius-ஐப்போல் இரண்டு மடங்கு தூரமாவது விளிம்பிலிருந்து தள்ளியே வளையுங்கள். 40 கொடுக்கிறீர்கள் என்றால் 80 பிக்சல், நம் படத்தில் வெறும் அரை செ.மீ.தான். உதட்டின் ஓரத்தில் வேலை செய்தே ஆக வேண்டும் என்றால் முன்னே சொன்ன பிரஷ்தான் வழி.

இவ்வளவு நேரம் High-ஐத் தொடவே இல்லை. பெரும்பாலான படங்களில் தொட வேண்டியதும் இல்லை. தொட வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு.

ஒன்று, ஆழமான பருத் தழும்பு. Low-வில் நிறத்தைச் சரிசெய்த பிறகும் குழியின் விளிம்பு தெரியும். High-இன் நகல் ஒன்றில் Clone Stamp எடுத்து, Sample அமைப்பை Current Layer-இல் வைத்து, பக்கத்துத் தோலை அதன் மேல் பதிக்கலாம். முன்பே இருந்த High-ஐ அணைத்துவிட மறக்காதீர்கள், இரண்டும் Linear Light-இல் எரிந்தால் துளைகள் இரட்டிப்பாகிவிடும். பிரஷ்ஷின் Hardness அதிகமாக, 90-க்கு மேல் இருக்கட்டும். மென்மையான விளிம்பு நல்லது என்று தோன்றும், ஆனால் அந்த விளிம்பில் பழைய துளையும் புதிய துளையும் பாதிப் பாதியாகக் கலந்து ஒன்றையொன்று சராசரியாக்கிவிடும். துளையே இல்லாத ஒரு வளையம் தழும்பைச் சுற்றித் தெரியும். High-இல் நிறம் இல்லாததால் கூர்மையான விளிம்பு வெட்டுத் தெரியாமல் பொருந்திவிடுகிறது.

எந்தத் தோலை எங்கே பதிக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். மூக்கின் மேல் துளைகள் பெரிதாக நெருங்கி இருக்கும், நெற்றியில் குறுக்குக் கோடுகளோடு கலந்திருக்கும், கன்னத்தில் சற்று நீண்டு சரிந்திருக்கும். விளக்கு இடப்பக்கம் இருந்தால் ஒவ்வொரு துளையிலும் நிழல் ஒரு பக்கமும் வெளிச்சம் மறுபக்கமும் விழுந்திருக்கும். வலக்கன்னத் தோலைத் திருப்பி இடக்கன்னத்தில் வைத்தால் வெளிச்சத்தின் திசை மாறிவிடும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்று படும். ஒன்றிரண்டு செ.மீ. சுற்றளவுக்குள்ளேயே எடுத்துப் பதியுங்கள்.

இரண்டாவது இடம், நெற்றியிலும் மூக்கிலும் வியர்வையால் வரும் மினுமினுப்பு. அங்கே துளைகளின் ஓரங்கள் புள்ளி புள்ளியாகப் பளபளக்கும், High-இல் ஏற்ற இறக்கம் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு அதிகம். Low-வில் பளபளப்பை அடக்கிய பிறகும் இந்தப் புள்ளிகள் மட்டும் மணல் தூவியது போல மிஞ்சும். High-இல் நடுச் சாம்பல் என்றால் “மாற்றம் இல்லை” என்று பொருள். ஆகவே R, G, B மூன்றும் 128 உள்ள சாம்பலை எடுத்து, 20 சதவீத Opacity-இல் அந்தப் புள்ளிகளின் மேல் ஒரு தடவு தடவினால் அவற்றின் அழுத்தம் மட்டும் குறையும், துளைகள் இருந்த இடத்தில் இருக்கும். ஃபிளாஷில் முழுவதும் வெளுத்து 255-ஐத் தொட்டுவிட்ட பகுதியில் காப்பாற்ற எதுவும் இல்லை, கேமராவே அங்கே துளையைப் பதியவில்லை. அந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்து Clone Stamp-ஆல் கொண்டுவந்து பதிப்பது ஒன்றுதான் வழி.

வேலை சரியாகப் போகிறதா என்று பார்க்க, அவ்வப்போது லேயர்களைத் தனித்தனியே பார்ப்பது நல்ல பழக்கம். High-ஐ மட்டும் Normal முறையில் பார்த்தால் சீரான சாம்பலில் துளைகளும் இமை முடிகளும் தெரிய வேண்டும். கன்னத்தில் பெரிய பெரிய இருண்ட திட்டுகளோ நிறமோ தெரிந்தால் முதல் Radius அதிகம். Low-வை மட்டும் பார்த்தால் துளை தெரியக்கூடாது, மூக்கும் கன்னமும் உருண்டையாகத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் தற்காலிகமாக ஒரு Black & White லேயரும், நடுவில் கீழே இழுத்த Curves லேயரும் போட்டுப் பார்த்தால், நிறத்தில் மறைந்திருந்த திட்டுகள் வெளிச்ச வேறுபாடாகத் தெளிவாகத் தெரியும். கருவளையத்தில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்பது இப்போதுதான் தெரியவரும்.

படத்தைப் பார்க்கும் தூரமும் இங்கே முக்கியம். ஆட் ஒலிவா, அன்டோனியோ டொரால்பா, ஃபிலிப் ஷின்ஸ் ஆகிய மூவரும் 2006-இல் கலப்புப் படங்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு படத்தின் தாழ் அதிர்வெண்ணையும் இன்னொரு படத்தின் உயர் அதிர்வெண்ணையும் சேர்த்து ஒரே படமாக்குவது அதன் வழி. அந்த முறையில் ஒலிவா செய்த புகழ்பெற்ற படத்தை அருகில் பார்த்தால் ஐன்ஸ்டைன் தெரிவார், தள்ளி நின்று பார்த்தால் மர்லின் மன்றோ தெரிவார். நம் கண் அருகில் நுணுக்கத்தையும் தூரத்தில் நிறத்தையும் நிழலையும் படிக்கிறது. 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு Low-வில் வேலை செய்பவர் அதனால்தான் எல்லை தாண்டிப் போகிறார், அந்தப் பெருக்கத்தில் திட்டின் முழு வடிவம் கண்ணுக்குப் பிடிபடுவதே இல்லை. Low-வில் வேலை செய்யும்போது முகம் முழுவதும் திரைக்குள் தெரியும்படி 25 அல்லது 33 சதவீதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். High-இல் கை வைக்கும்போது மட்டும் 100-க்குப் போங்கள். எல்லாம் முடிந்ததும் Low நகலின் Opacity-யை 60, 70 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். பெரும்பாலான முகங்களுக்கு அங்கேதான் சரியாக வருகிறது, கொஞ்சம் சீரின்மை மிஞ்சியிருக்கும் தோல்தான் தோலாகத் தெரிகிறது.

வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்துக்கு இந்த முறை உதவாது. JPEG படத்தை 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. துளைகள் இருக்க வேண்டிய அதே அளவில் கட்டங்களின் கோடுகள் உட்கார்ந்திருக்கும், High-ஐத் தனியே பார்த்தால் அந்தக் கட்டங்கள்தான் தெரியும். காப்பாற்றப்படுவது துளை அல்ல, சுருக்கத்தின் தடம். மண்டபத்தில் உறவினர் எல்லோரும் வரிசையாக நின்ற குரூப் படத்திலும் தேவையில்லை. முகம் 300 பிக்சல் அகலம் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு பிக்சல்தான், துளை அங்கே பதிந்திருக்கவே இல்லை. பிரிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் Healing Brush-ஆல் இரண்டு தொடுதல் போதும்.

ஒரு நாளில் நூறு படம் பார்க்க வேண்டிய ஸ்டுடியோவில் லேயர் உருவாக்குவது முதல் Linear Light வரை எல்லாவற்றையும் Actions பேனலில் ஓர் Action-ஆகப் பதிந்துவைக்கலாம். Low, High என்று பெயர் வைப்பதையும் சேர்த்தே பதியுங்கள், Apply Image அந்தப் பெயரைத் தேடித்தான் போகும். Gaussian Blur வரிக்கு இடப்பக்கம் இருக்கும் சிறு பெட்டியை மட்டும் சொடுக்கி, உரையாடல் பெட்டி திறக்கும்படி வைத்துவிடுங்கள். Action ஓடும்போது அந்த இடத்தில் நின்று Radius கேட்கும். நெருக்கப் படத்துக்கு 8, இடுப்பளவுப் படத்துக்கு 4 என்று ஒவ்வொரு முகத்துக்கும் நீங்களே பார்த்துக் கொடுக்கலாம்.